படுக்கப் போகும்போது ஆயத்துல் குர்ஸி: புதிதாக ஓதத் தொடங்குகிறவர்களுக்கு

இஷாத் தொழுது, சாப்பிட்டு, பாயை விரித்த பிறகு ஆயத்துல் குர்ஸியை எப்படி ஓதுவது, அதற்கு முன்னும் பின்னும் என்ன செய்வது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். வன்னியில் பெரியவர்களான பிறகு ஓதப் பழகுகிறவர்கள் பலர். சிலர் இஸ்லாத்துக்குப் புதிதாக வந்தவர்கள். சிலர் 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள். புத்தளத்து முகாம்களில் வளர்ந்து, 2009க்குப் பிறகு முசலிக்கும் தண்ணீரூற்றுக்கும் சாளம்பைக்குளத்துக்கும் திரும்பியவர்கள். மத்ரஸாவுக்குப் போகும் வயதில் போக வாய்க்காத எவருக்கும் இது பொருந்தும்.

ஆயத்துல் குர்ஸி என்பது குர்ஆனின் இரண்டாவது அத்தியாயமான அல்பகராவின் 255ஆம் வசனம். அந்த அத்தியாயத்தில் 286 வசனங்கள் உண்டு. அதில் இது ஒன்று. ‘குர்ஸி’ என்ற சொல் வருவதால் இந்தப் பெயர். சிம்மாசனம் என்று தமிழில் சொன்னாலும் இது அர்ஷ் அல்ல, அதனிலும் வேறானது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் விளக்கம். வசனங்களிலேயே மகத்தானது எது என்று நபி (ஸல்) உபை இப்னு கஅப் (ரலி) அவர்களிடம் கேட்டபோது அவர் இதைத்தான் சொன்னார். அந்தச் செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது.

தூக்கத்தோடு இதற்கு என்ன தொடர்பு

இந்தப் பழக்கத்தின் வேர் ஒரு தானியக் காவலில் இருக்கிறது. வயற்காவல் தெரிந்த நம் பக்கத்து ஆட்களுக்கு அதை விளக்கவே தேவையில்லை.

ரமழான் ஸகாத்தாகச் சேர்ந்த உணவுப் பொருளுக்குக் காவலாக நபி (ஸல்) அபூஹுரைரா (ரலி) அவர்களை வைத்திருந்தார்கள். இரவில் ஒருவன் வந்து அள்ளினான். பிடித்துவிட்டார். ‘எனக்குத் தேவை இருக்கிறது, குடும்பம் இருக்கிறது’ என்று அவன் கெஞ்ச, இரங்கி விட்டுவிட்டார். விடிந்ததும் நபி (ஸல்) தாமாகவே, ‘நேற்றிரவு உம்முடைய கைதி என்ன செய்தான்?’ என்று கேட்டார்கள். நடந்ததைச் சொன்னார். ‘அவன் பொய் சொன்னான், திரும்பவும் வருவான்’ என்றார்கள். வந்தான், அதே கெஞ்சல், திரும்பவும் விட்டார். மூன்றாம் முறை பிடித்தபோது விடுவதாயில்லை. அப்போது அவன், ‘உனக்குப் பயன்படும் சொற்களைக் கற்றுத்தருகிறேன். படுக்கைக்குப் போகும்போது ஆயத்துல் குர்ஸியை முழுதாக ஓது. அல்லாஹ்விடமிருந்து ஒரு பாதுகாவலர் உன்னோடு இருந்துகொண்டே இருப்பார். விடியும்வரை ஷைத்தான் உன்னை நெருங்க மாட்டான்’ என்றான். காலையில் இதைக் கேட்ட நபி (ஸல்), ‘அவன் பெரும் பொய்யன், ஆனால் உம்மிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறான். இந்த மூன்று இரவும் யாரோடு கதைத்தீர் தெரியுமா? அது ஒரு ஷைத்தான்’ என்றார்கள். இது ஸஹீஹுல் புகாரியில் 2311ஆவது செய்தி.

புதியவர் இந்தச் செய்தியில் மூன்று விடயங்களைப் பிடித்துக்கொண்டால் பின்னால் வரும் குழப்பங்களில் பாதி குறையும். சொல்லிக்கொடுத்தவன் யார் என்பது இங்கே ஆதாரமில்லை. நபி (ஸல்) அதை உண்மை என்று ஒப்புக்கொண்டதே ஆதாரம். அடுத்தது, செய்தி சொல்வது ‘ஓது’ என்பதை; கேட்பதையோ எழுதி மாட்டுவதையோ அல்ல. மூன்றாவது, அதில் எண்ணிக்கையே கிடையாது. ஒரு தடவை முழுதாக ஓதினால் போதும். ஏழு தடவை ஓத வேண்டும், நாலு திக்கிலும் ஊத வேண்டும், ஓதிவிட்டுக் கை தட்ட வேண்டும் என்றெல்லாம் யாராவது சொன்னால், அன்போடு கேட்டுக்கொள்ளுங்கள்; இந்தச் செய்தியில் அவை இல்லை.

வசனத்தின் உள்ளேயும் அந்தத் தொடர்பு இருக்கிறது. தூங்கப் போகிறவர், சிறு கண்ணயர்வும் தூக்கமும் பிடிக்காத ஒருவனைப் பற்றி ஓதுகிறார். கடைசிக்கு முந்திய வாக்கியம், வானங்களையும் பூமியையும் காப்பது அவனுக்குப் பாரமில்லை என்கிறது. செய்தி சொல்லும் பாதுகாவலுக்கும் வசனம் சொல்லும் காத்தலுக்கும் அரபியில் ஒரே வேர்தான். அர்த்தத்தை இந்த இரண்டு இடத்திலாவது நெஞ்சில் வைத்து ஓதினால், வாய் தனியாக ஓடிக்கொண்டிருக்காது.

ஒன்பது மூச்சாகப் பிரித்துப் பாடமாக்குதல்

வசனம் நீளமாகத் தெரியும். நிறுத்தும் இடங்களில் பிரித்துவிட்டால் ஒன்பது துண்டுதான். முதலில் ‘அஊது பில்லாஹி மினஷ் ஷைத்தானிர் ரஜீம்’ சொல்லுங்கள். அத்தியாயத்தின் நடுவிலிருந்து ஓதுவதால் பிஸ்மி கட்டாயமில்லை, சொன்னாலும் தவறில்லை.

1. அல்லாஹு லா இலாஹ இல்லா ஹுவல் ஹய்யுல் கய்யூம்.
அல்லாஹ், அவனைத் தவிர வணக்கத்துக்குரியவன் வேறில்லை, என்றும் உயிரோடிருப்பவன், எல்லாவற்றையும் நிலைநிறுத்துபவன்.

2. லா தஃகுதுஹூ ஸினதுவ் வலா நவ்ம்.
கண்ணயர்வோ தூக்கமோ அவனைப் பிடிக்காது.

3. லஹூ மா ஃபிஸ்ஸமாவாதி வமா ஃபில் அர்ள்.
வானங்களில் உள்ளதும் பூமியில் உள்ளதும் அவனுடையவை.

4. மன் தல்லதீ யஷ்ஃபஉ இன்தஹூ இல்லா பிஇத்னிஹ்.
அவன் அனுமதியில்லாமல் அவனிடம் பரிந்து பேசக்கூடியவர் யார்?

5. யஃலமு மா பைன ஐதீஹிம் வமா கல்ஃபஹும்.
அவர்களுக்கு முன்னே இருப்பதையும் பின்னே இருப்பதையும் அவன் அறிவான்.

6. வலா யுஹீதூன பிஷையிம் மின் இல்மிஹீ இல்லா பிமா ஷாஅ.
அவன் அறிவிலிருந்து, அவன் நாடியதைத் தவிர வேறெதையும் அவர்கள் எட்ட முடியாது.

7. வஸிஅ குர்ஸிய்யுஹுஸ் ஸமாவாதி வல்அர்ள்.
அவனுடைய குர்ஸி வானங்களையும் பூமியையும் கொண்டு விரிந்திருக்கிறது.

8. வலா யஊதுஹூ ஹிஃப்ளுஹுமா.
அவை இரண்டையும் காப்பது அவனுக்குப் பாரமாவதில்லை.

9. வஹுவல் அலிய்யுல் அளீம்.
அவனே உயர்ந்தவன், மகத்தானவன்.

தமிழ் எழுத்தில் இதைத் தந்திருப்பது கைப்பிடிக்காக மட்டும்தான். தமிழில் ஒரே ‘க’ போட்டு எழுதியிருக்கும் கய்யூம், குர்ஸி, கல்ஃபஹும் மூன்றும் அரபியில் மூன்று வெவ்வேறு எழுத்தில் தொடங்குகின்றன. முதலாவது தொண்டையை ஒட்டி அடிநாக்கில் வரும்; இரண்டாவது நம்முடைய சாதாரண ‘க’; மூன்றாவது காறலோடு வரும். ‘த’ அதைவிட மோசம்: ஸினத், யஊது, இத்ன், யுஹீதூன நான்கிலும் நான்கு எழுத்துகள். கடைசிச் சொல்லான அளீமில் கவனம் கூடத் தேவை. நாக்கு நுனியை மேற்பல்லின் விளிம்பில் வைத்து, வாயைக் கனமாக்கிச் சொல்ல வேண்டும். சும்மா ‘அலீம்’ என்று விட்டால் அரபியில் அது வேறு சொல்லாகிவிடும். எனவே பள்ளிவாசல் மௌலவியிடமோ, ஓதிக்கொடுக்கும் ஒரு ராத்தாவிடமோ இந்த ஒரு வசனத்துக்காக இரண்டு மூன்று தரம் போய் உட்காருங்கள். ‘முழுக் குர்ஆனும் படிக்கவா வந்தாய்’ என்று யாரும் கேட்கப் போவதில்லை. போனில் நல்ல காரி ஒருவரின் ஓதலைத் துண்டு துண்டாகக் கேட்டுப் பின்தொடர்வது உதவும். ஆனால் போன் உங்கள் பிழையைத் திருத்தாது.

இரவுக்கு ஒரு துண்டு எடுங்கள். இன்று முதல் துண்டு, நாளை முதலும் இரண்டாவதும், மறுநாள் மூன்றும். பாடமாகும்வரை படுக்கப் போகும் நேரத்தில் பார்த்தே முழு வசனத்தையும் ஓதுங்கள். பார்த்து ஓதினாலும் ஓதல்தான். பாடமானால்தான் தொடங்கலாம் என்று காத்திருக்கத் தேவையில்லை.

மூச்சு முட்டினால் எங்கே நிறுத்துவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ‘லா இலாஹ’ என்ற இடத்தில் நிறுத்தாதீர்கள். அங்கே நின்றால் ‘வணக்கத்துக்குரியவன் இல்லை’ என்றாகிவிடும். நான்காவது, ஆறாவது துண்டுகளில் ‘இல்லா’வுக்கு முன்னால் நிறுத்தாதீர்கள். மூச்சு போய்விட்டால் வெட்கப்படாமல் அந்தத் துண்டின் தொடக்கத்துக்குத் திரும்பி வாருங்கள். துண்டின் கடைசியில் நிற்கும்போது கடைசி உயிரொலி விழும்: கய்யூமு என்றல்ல, கய்யூம், அளீமு அல்ல, அளீம்.

பாதியில் தடம் மாறுவது

பாடமான பிறகுதான் வேறொரு சிக்கல் வரும். அது தெரியாமல் மாதக்கணக்கில் அரைகுறையாக ஓதிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்.

குர்ஆனில் இந்த வசனத்தோடு சொல் ஒத்துப்போகும் இடங்கள் உண்டு. மூன்றாவது அத்தியாயமான ஆலஇம்ரானின் இரண்டாம் வசனம், நம்முடைய முதல் துண்டை அப்படியே கொண்டது. ஆலஇம்ரான் ஓதிப் பழகியவர் ‘கய்யூம்’ முடிந்ததும் தன்னை அறியாமல் ‘நஸ்ஸல அலைக்கல் கிதாப’ என்று போய்விடுவார். இது காதுக்கு உடனே தெரிந்துவிடும், திரும்பிவிடலாம்.

ஆபத்தானது மற்றது. 42ஆவது அத்தியாயமான அஷ்ஷூராவின் நான்காம் வசனம், ‘லஹூ மா ஃபிஸ்ஸமாவாதி வமா ஃபில் அர்ள், வஹுவல் அலிய்யுல் அளீம்’ என்பது. நம்முடைய மூன்றாவது துண்டும் ஒன்பதாவது துண்டும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. தூக்கக் கலக்கத்தில் நாக்கு மூன்றிலிருந்து ஒன்பதுக்குத் தாவிவிடும். முடிவு சரியான முடிவாக இருப்பதால் ஓதியவருக்கு முழுதாக ஓதிவிட்ட நிறைவு வந்துவிடும். நடுவில் ஐந்து துண்டுகள் போயிருக்கும். குர்ஸி என்ற சொல்லே வந்திருக்காது.

கண்டுபிடிக்கும் வழி எளிது. அளீம் சொல்லி முடித்ததும், ‘வஸிஅ குர்ஸிய்யுஹு சொன்னேனா?’ என்று உங்களையே கேளுங்கள். நினைவு வரவில்லையென்றால் நான்காவது துண்டிலிருந்து திரும்ப ஓதுங்கள். பாடம் செய்யும்போது மூன்றையும் நான்கையும் ஒன்றாகச் சேர்த்து, ‘ஃபில் அர்ளி மன் தல்லதீ’ என்று மூச்சு விடாமல் பழகிக்கொண்டால் இந்தத் தாவல் பெரும்பாலும் வராது. நான் புதியவர்களுக்கு முதலிலேயே இப்படித்தான் சொல்லிக்கொடுப்பேன். நிறுத்துவது நல்ல இடம்தான், ஆனாலும் ஆரம்பத்தில் சேர்த்து ஓதுவது காப்பு.

இன்னொன்று: கண் செருகிய பிறகு தொடங்காதீர்கள். தூக்கம் மேலிட்ட நிலையில் தொழ வேண்டாம், என்ன சொல்கிறோம் என்று தெரியாமல் போகும் என்பது நபி (ஸல்) அவர்களின் அறிவுரை. அதே காரணம் இங்கும் பொருந்தும். பாயில் உட்கார்ந்து ஓதிவிட்டுச் சாய்வதே நல்லது. படுத்துக்கொண்டு ஓதுவது கூடாது என்பதல்ல, கூடும். புதியவர் படுத்துக்கொண்டு ஓதினால் ஆறாவது துண்டுக்குப் போக மாட்டார், அவ்வளவுதான்.

படுக்கையைச் சுற்றிய மற்றவை

ஆயத்துல் குர்ஸி தனியாக நிற்பதில்லை. படுக்கப் போகும் நேரத்துக்கு நபிவழியில் ஒரு கட்டு திக்ருகள் உண்டு. வாயால் சொல்வதும் கையால் செய்வதும் அதில் கலந்திருக்கும்.

கையால் செய்வதிலிருந்து தொடங்குவோம். கதவுகளை அல்லாஹ்வின் பெயர் சொல்லிச் சாத்துங்கள், பாத்திரங்களை மூடுங்கள், விளக்கை அணையுங்கள் என்பது ஜாபிர் (ரலி) வழியாக வந்த அறிவுரை. எலி திரியை இழுத்துப்போய் வீட்டுக்காரர்களை எரித்துவிடக்கூடும் என்று காரணமும் சொல்லப்பட்டிருக்கிறது. கரண்ட் போன இரவில் குப்பி விளக்கை வைத்துத் தூங்கும் வீட்டுக்கு இது நேற்றுச் சொன்னது போலிருக்கும். நுளம்புத்திரியை நுளம்பு வலைக்கும் ஓலைக்கும் பக்கத்தில் வைக்காமலிருப்பதும் இதில் சேரும்.

அடுத்தது படுக்கையைத் தட்டுவது. படுக்கைக்கு வருபவர் தன் கீழாடையின் உட்பக்கத்தால் படுக்கையைத் தட்டட்டும். தான் போன பிறகு அதில் என்ன வந்தது என்று அவருக்குத் தெரியாது என்றார்கள் நபி (ஸல்). நம் ஊரில் சாரத்தின் உள்விளிம்பு. தரையில் பாய் விரித்துப் படுக்கும் வன்னி வீட்டில் இதைச் சடங்காகச் செய்யாதீர்கள். பாயைத் தூக்கி உதறி, தலையணையைப் புரட்டி, வலையின் விளிம்பைப் பாய்க்கு அடியில் செருகுங்கள். கட்டுவிரியன் இரவில் நடமாடி, தரையில் தூங்குபவர்களைக் கடிக்கும் பாம்பு. கடித்தது தெரியாமலேயே தூங்குபவர்கள் உண்டு. விடியப்புறம் வயிற்றுவலியோடு எழுந்து, கண் இமை தானாகச் சரிந்தால், ‘ஆயத்துல் குர்ஸி ஓதித்தானே படுத்தேன், பாம்பாக இருக்காது’ என்று இருந்துவிடாதீர்கள். உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். செய்தி சொல்வது ஷைத்தான் நெருங்க மாட்டான் என்பதைத்தான். பாயை உதற வேண்டாம் என்றோ மருந்து வேண்டாம் என்றோ அது சொல்லவில்லை. பாயைத் தட்டச் சொன்னதும் இந்த ஓதலை உண்மையென்று ஒப்புக்கொண்டதும் ஒரே நபிதான்.

வாயால் சொல்பவற்றில் முக்கியமானது மூன்று குல்கள்: குல் ஹுவல்லாஹு அஹத், குல் அஊது பிரப்பில் ஃபலக், குல் அஊது பிரப்பின் நாஸ். நபி (ஸல்) ஒவ்வோர் இரவும் படுக்கைக்கு வரும்போது இரு கைகளையும் சேர்த்து, அவற்றில் ஊதி, இம்மூன்றையும் ஓதி, தலை, முகம், உடலின் முன்பக்கம் என்று தொடங்கி எட்டிய இடமெல்லாம் தடவிக்கொள்வார்கள், மூன்று தடவை செய்வார்கள் என்று ஆயிஷா (ரலி) சொல்லியிருக்கிறார்கள். கையில் ஊதித் தடவுவது இந்தக் குல்களுக்கு வந்தது. பலர் இரண்டையும் கலந்து, தடவாவிட்டால் ஆயத்துல் குர்ஸி சேராது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

அல்பகராவின் கடைசி இரண்டு வசனங்களை இரவில் ஓதியவருக்கு அவை போதும் என்றும் ஒரு செய்தி உண்டு. அது ‘இரவில்’ என்றுதான் சொல்கிறது, படுக்கையில்தான் என்றில்லை. மஃரிபுக்குப் பிறகே ஓதிவிடலாம். ஸுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்து லில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 என்பது, வீட்டு வேலையில் களைத்து உதவியாள் கேட்டுப் போன ஃபாத்திமா (ரலி) அவர்களுக்குப் படுக்கும்போது சொல்லக் கற்றுக்கொடுக்கப்பட்டது. நாள் முழுக்க நாற்று நட்ட கைகளுக்கு அது பொருத்தம்.

இவற்றுக்குள் கறாரான வரிசை இல்லை. ஒன்றுக்கு மட்டும் இடம் சொல்லப்பட்டிருக்கிறது: பராஉ இப்னு ஆஸிப் (ரலி) அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த ‘அல்லாஹும்ம அஸ்லம்து நஃப்ஸீ இலைக்க’ என்று தொடங்கும் துஆ. வுழு செய்து, வலப்பக்கம் சாய்ந்து, அதையே கடைசிப் பேச்சாக ஆக்கச் சொன்னார்கள். ஆகவே அது தெரிந்தவர் ஆயத்துல் குர்ஸியை அதற்கு முன்னால் வைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும் முதல் கிழமையிலேயே தூக்கிக்கொள்ளாதீர்கள். ஆயத்துல் குர்ஸி மட்டும் பிசகாமல் வரும்வரை மற்றவற்றைத் தொடாமலிருப்பதே என் அபிப்பிராயம். பிறகு குல்கள், அவை பெரும்பாலானவர்களுக்கு ஏற்கெனவே பாடம். கட்டு முழுவதையும் ஒரே இரவில் தொடங்கியவர்கள் பெருநாள் கழியுமுன் முழுவதையும் விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு வயற்காவல் இரவு

வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடக்கும். வெளியில்தான் கேள்வி வரும். காலபோக அறுவடை முடிந்து, நெல் களத்தில் குவிந்து படங்கு மூடிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்களும் உங்கள் மச்சானும் காவல். ஒருவர் முன்னிரவு, மற்றவர் பின்னிரவு.

முதலில் விழித்திருப்பவர் நீங்கள். அப்போது படுக்கை ஓதல் கிடையாது, ஏனென்றால் நீங்கள் படுக்கப் போகவில்லை. இஷாத் தொழுகை முடிந்ததும் ஒரு தடவை ஓதியிருப்பீர்கள். பர்ளுத் தொழுகைக்குப் பின் ஆயத்துல் குர்ஸி ஓதுவது பற்றித் தனிச் செய்தி உண்டு, அது வேறு கணக்கு. நடுச்சாமம் தாண்டி மச்சானை எழுப்பிவிட்டு நீங்கள் கொட்டிலுக்கு வருகிறீர்கள். கானில் தண்ணீர் இருந்தால் வுழு செய்யுங்கள்; குடிக்க மட்டும்தான் இருக்கிறதென்றால் விட்டுவிடுங்கள், வுழு இங்கே ஸுன்னத்துதான், ஓதல் அதில் தொங்கவில்லை. டோர்ச் அடித்துச் சாக்கை உதறுங்கள். உட்கார்ந்து ஒரு தடவை ஓதிச் சாயுங்கள். தீ மூட்டியிருந்தால் அதைப் பார்ப்பது விழித்திருப்பவரின் பொறுப்பு என்று சொல்லிவிட்டுப் படுங்கள். இருவரும் தூங்குவதானால் அணைத்துவிட வேண்டும்.

ஒரு மணித்தியாலத்தில் யானை வந்துவிட்டது. வெடி கொளுத்தி விரட்டி, திரும்பப் படுக்கிறீர்கள். இன்னொரு தரம் ஓத வேண்டுமா? ‘விடியும்வரை’ என்று செய்தியில் இருப்பதால் முதல் ஓதலே போதும். ஓதினால் நல்லது; பயம் நெஞ்சில் இருக்கும்போது ஓதுவது இயல்பும்கூட. ஆனால் ஓதாவிட்டால் காவல் அறுந்துவிட்டது என்று கவலைப்பட இடமில்லை. ஓதிவிட்டதால் மச்சானும் படுத்துவிடலாம் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். அபூஹுரைரா (ரலி) களஞ்சியத்தைக் காத்தது விழித்திருந்துதான்.

அடிக்கடி கேட்கப்படுபவை

பெண்கள் மாதவிலக்கு நாட்களில் என்ன செய்வது என்று கேட்கக் கூச்சப்பட்டு, அந்த நாட்களில் மொத்தமாக விட்டுவிடுகிறார்கள். நம் நாட்டில் பெரும்பாலும் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபின்படி, அந்த நிலையில் குர்ஆன் ஓதுகிறேன் என்ற நிய்யத்தில் ஓதுவது கூடாது. திக்ராக, பாதுகாப்புத் தேடும் நிய்யத்தில் இதே சொற்களைச் சொல்லலாம். குளிப்புக் கடமையானவருக்கும் இதே சட்டம். வேறு மத்ஹபைப் பின்பற்றுபவர் தம் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும். மற்றத் துஆக்களுக்கும் தஸ்பீஹுக்கும் எவருக்கும் தடையே இல்லை.

போனில் ஓதலைப் போட்டுவிட்டுத் தூங்கினால்? கேட்பதில் நன்மை இருக்கலாம், ஆனால் செய்தி சொன்ன காரியம் நடக்கவில்லை. ஓதியது நீங்கள் அல்ல. சுவரில் மாட்டும் சட்டகமும், எழுதிக் கட்டும் இசுமுவும் அப்படியே. பேச முடியாத நோயாளிக்காகப் பக்கத்தில் இருப்பவர் ஓதலாம். நபி (ஸல்) கடைசி நோயில் இருந்தபோது ஆயிஷா (ரலி) குல்களை ஓதி, அவர்களுடைய கையையே பிடித்துத் தடவிவிட்டார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு உம்மா ஓதிவிடுவதும் அந்த வழியில்தான். பேச்சு வந்த பிள்ளையென்றால் இரண்டாவது துண்டை மட்டும் சேர்ந்து சொல்லச் செய்யுங்கள். சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.

ஓதிப் படுத்தும் கெட்ட கனவு வந்தால் ஓதல் பலிக்கவில்லை என்று பொருள் எடுக்காதீர்கள். எந்தத் துண்டு தவறியது என்று இரவில் உட்கார்ந்து ஆராயவும் வேண்டாம். இடப்பக்கம் மூன்று தரம் இலேசாகத் துப்புவது போல் ஊதி, ஷைத்தானிடமிருந்து அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடி, புரண்டு மறுபக்கம் படுங்கள்; கனவை யாரிடமும் சொல்ல வேண்டாம். அதற்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டது அவ்வளவுதான்.

பாதியில் தூங்கிவிட்டவர், இடையில் விழிப்பு வந்தால் விட்ட இடத்தைத் தேடாமல் முதல் துண்டிலிருந்து ஓதிவிட்டுப் படுக்கலாம். விழிப்பே வராமல் ஸுபஹுக்கு அதான் சொல்லிவிட்டால் அந்த இரவுக்குக் கழாவென்று ஒன்றும் இல்லை. வுழு செய்து தொழுங்கள். ஸலாம் கொடுத்த பின் ஓதும் ஆயத்துல் குர்ஸியை ஒன்பது துண்டும் விடாமல் நிதானமாக ஓதுங்கள், அன்றைய பாடம் பார்த்தது போலவும் ஆகும்.